தாமதம் யார் தலையில்?

கேட் தேர்வுக்குப் படிப்பவர், திருச்சி

கே: கேஷ் நேரம் 2 நானோ வினாடி, மெமரி நேரம் 100 நானோ வினாடி, ஹிட் விகிதம் 95 சதவீதம். சராசரி அணுகு நேரம் எனக்கு 7 வந்தது. அறைத்தோழனுக்கு 6.9. கைடு 6.9 என்கிறது. யார் சொல்வது சரி?

ப: மூவரும் சரி. கேள்வியை எழுதியவர்தான் பாக்கி வைத்துவிட்டார்.

நீங்கள் போட்ட கணக்கு இது:

```
2 + 0.05 × 100 = 7
```

தேடுவது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கேஷைப் பார்க்க 2 ஆகும். கிடைக்காத ஐந்து சதவீதத்துக்கு அதற்கு மேல் இன்னொரு 100. அதுதான் மிஸ் பெனால்ட்டி. அபராதம் என்பது டிக்கெட் விலைக்கு மேல் கட்டுவது. டிக்கெட்டுக்குப் பதில் அல்ல.

தோழர் போட்டது இது:

```
0.95 × 2 + 0.05 × 100 = 6.9
```

கேஷையும் மெமரியையும் ஒரே நொடியில் கேட்டுவிட்டு, கேஷில் இருந்தால் மெமரிக்குப் போன கேள்வியை ரத்து செய்துவிடலாம் என்று இந்தக் கணக்கு எண்ணுகிறது. அப்படி ஒரு வடிவமைப்பு சாத்தியம்தான். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை மெமரியை வீணாக எழுப்ப வேண்டும். நடைமுறைச் செயலிகள் பொதுவாக முதலில் கேஷைப் பார்த்து, இல்லையென்று தெரிந்த பிறகுதான் கீழே கேட்கின்றன. அதனால் என் ஓட்டு 7-க்கு. கேள்வியில் “மிஸ் பெனால்ட்டி 100” என்றே இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை, 7 மட்டும்தான். “மெமரி நேரம் 100” என்று மொட்டையாக இருந்தால், எந்த வகை என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர், தென்காசி

கே: அந்த 7 நானோ வினாடி எந்த அணுகலுக்கு ஆகும்?

ப: எதற்கும் ஆகாது. ஒன்று 2 ஆகும், இல்லையேல் 102. ஏழு என்பது முதலாளிக்குக் காட்டும் எண்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி, கோவில்பட்டி

கே: ஹிட் விகிதம் 98-லிருந்து 99 ஆனதற்கு எங்கள் பேராசிரியர் ஏன் இவ்வளவு குதிக்கிறார்? ஒரே ஒரு சதவீதம்தானே?

ப: ஹிட்டைப் பார்த்தால் ஒரு சதவீதம். மிஸ்ஸைப் பார்த்தால் இரண்டு ஒன்றாகிவிட்டது, அதாவது பாதி. மேலே உள்ள எண்களிலேயே போட்டுப் பாருங்கள்: 98-க்கு 4 நானோ வினாடி, 99-க்கு 3. மொத்த நேரத்தில் கால்பங்கு போய்விட்டது. நியாயமாகத்தான் குதிக்கிறார்.

அதே மாணவி

கே: இந்தச் சூத்திரத்தில் படிப்பது மட்டும்தான் இருக்கிறது. செயலி எழுதவும் செய்யுமே, அது எங்கே போயிற்று?

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. பரிசு கிடையாது, நீண்ட பதில் உண்டு.

படிக்கும்போது கேஷில் இருப்பதும் மெமரியில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும், சிக்கல் இல்லை. எழுதும்போதுதான் இரண்டு பிரதிகளில் எதை, எப்போது திருத்துவது என்ற கேள்வி வருகிறது. பழைய மளிகைக்கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவருகே சிட்டை, உள்ளறையில் பேரேடு. ஒவ்வொரு விற்பனையையும் சிட்டையில் எழுதிய கையோடு உள்ளே ஓடிப் பேரேட்டிலும் பதிந்துவிட்டு வந்தால் அது ரைட்-த்ரூ. சிட்டையில் மட்டும் எழுதிவைத்து, பக்கம் நிரம்பியதும் மொத்தமாகப் பேரேட்டுக்கு ஏற்றினால் அது ரைட்-பேக். முதல் கடையில் பேரேடு எப்போது பார்த்தாலும் சரியாக இருக்கும், வாடிக்கையாளர்தான் காத்திருப்பார். இரண்டாவது கடையில் வரிசை நகரும், ஆனால் நடுப்பகலில் பேரேட்டைத் திறந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது பழைய கணக்கு.

ரைட்-பேக் கேஷில் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிட் கூடுதலாக வைப்பார்கள். பெயர் டர்ட்டி பிட். அந்த பிளாக்கில் ஒருமுறை எழுதினாலும் பிட் 1 ஆகிவிடும். பிறகு வேறொரு பிளாக்குக்கு இடம் தேவைப்பட்டு இதை வெளியேற்றும்போது, பிட் 0 என்றால் அப்படியே மேலெழுதிவிடலாம். மெமரியில் அதே சரக்கு இருக்கிறது. 1 என்றால் முதலில் மெமரிக்கு எழுதிவிட்டுத்தான் இடத்தைக் காலி செய்ய முடியும்.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. எழுத வேண்டிய பிளாக் கேஷில் இல்லையென்றால் என்ன செய்வது? ரைட்-பேக் வழக்கமாக அதை மெமரியிலிருந்து வரவழைத்து, கேஷில் வைத்து, அதில் எழுதும். ரைட்-த்ரூ வழக்கமாக அந்தச் சிரமம் எடுக்காது. நேராக மெமரிக்கு எழுதிவிட்டுப் போய்விடும். வழக்கமாக என்றுதான் சொல்கிறேன், எதிர்மாறாகக் கட்டவும் தடையில்லை.

மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

கே: கதை புரிந்தது. எண்ணில் சொல்லுங்கள்.

ப: சொல்கிறேன். திருச்சிக்காரரின் எண்களையே வைத்துக்கொள்வோம்: கேஷ் 2, மெமரி 100, ஹிட் 95 சதவீதம். நூறு அணுகலில் 70 படிப்பது, 30 எழுதுவது என்று கொள்வோம்.

முதலில் வெறும் ரைட்-த்ரூ. படிப்பதற்குப் பழைய கணக்கே, ஒன்றுக்கு 7. எழுதுவதற்கு ஹிட், மிஸ் என்ற பேதமே இல்லை. எப்படியும் மெமரிவரை போக வேண்டும், ஒன்றுக்கு 100. கேஷைத் திருத்தும் 2 நானோ வினாடி அந்த நூறுக்குள்ளேயே முடிந்துவிடும்.

```
0.7 × 7 + 0.3 × 100 = 34.9
```

அடுத்து ரைட்-பேக். படித்தாலும் எழுதினாலும் ஹிட் என்றால் 2. மிஸ் என்றால் பிளாக்கைக் கொண்டுவர 100. வெளியேறும் பிளாக்குகளில் நூற்றுக்கு 40 டர்ட்டி என்று வைத்துக்கொண்டால், அவற்றை எழுதிவைக்கச் சராசரியாக இன்னொரு 40. ஆக மிஸ் பெனால்ட்டி 140.

```
2 + 0.05 × (100 + 0.4 × 100) = 9
```

34.9 எங்கே, 9 எங்கே! ஏறக்குறைய நான்கு மடங்கு. கேஷின் அளவு மாறவில்லை, ஹிட் விகிதம் மாறவில்லை. எழுதும் கொள்கை மட்டும்தான் மாறியது. ஹிட் விகிதத்தை மட்டும் சொல்லிவிட்டுச் சராசரியைக் கேட்பவர் பாதிக் கேள்விதான் கேட்கிறார் என்பது இதனால்தான்.

அதே பொறியாளர், சற்றே கோபமாக

கே: ரைட்-த்ரூவை இப்படிக் கேவலப்படுத்தலாமா? ரைட் பஃபர் என்று ஒன்று இருக்கிறதே. எழுத வேண்டியதை அதில் போட்டுவிட்டுச் செயலி தன் வேலையைப் பார்க்கலாமே?

ப: பார்க்கலாம், இடம் இருக்கும்வரை. பஃபரில் போட 2 நானோ வினாடி போதும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆசையைத் தூண்டும் ஒரு விடை வரும்:

```
0.7 × 7 + 0.3 × 2 = 5.5
```

ரைட்-பேக்கின் 9-ஐயே தோற்கடித்துவிட்டது! பரீட்சையில் பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த வேகத்தில் ஓடினால் நூறு அணுகலுக்கு 550 நானோ வினாடி ஆகிறது. அந்த 550-க்குள் மெமரி எவ்வளவு வேலை செய்தாக வேண்டும்? 30 எழுத்து, தலா 100, ஆக 3000. படிக்கும்போது ஏற்படும் மிஸ் மூன்றரை, அதற்கு 350. மொத்தம் 3350. அதாவது 550 நானோ வினாடியில் 3350 நானோ வினாடி வேலை. நடக்கிற காரியமா?

நடக்காது. நான்கு இடமோ எட்டு இடமோ உள்ள பஃபர் சில கணங்களில் நிரம்பிவிடும். அதன்பின் ஒரு இடம் காலியானால்தான் அடுத்த எழுத்து உள்ளே போகும். செயலி மெமரியின் வேகத்துக்கு இறங்கி வரும். நூறு அணுகலுக்குக் குறைந்தது 3350, ஒன்றுக்கு 33.5. பஃபர் இல்லாதபோது 34.9 இருந்தது. உங்கள் பஃபர் சம்பாதித்துக் கொடுத்தது 1.4.

பஃபர் தாமதத்தை மறைக்கும். மெமரியின் வேகத்தைக் கூட்டாது. எழுத்துகள் திடீரென்று கொத்தாக வந்து, பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு கிடைத்தால் பஃபர் அருமையாக வேலை செய்யும். நிஜ நிரல்களில் செயலி ஒவ்வொரு கணமும் மெமரியைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, நடுவே கூட்டல் கழித்தல் செய்கிறது. அதனால் நிலைமை என் கணக்கு காட்டுவதைவிடச் சாந்தமாகவே இருக்கும். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து வரும் எழுத்துகளைப் பஃபருக்குள்ளேயே ஒன்றாக்கிவிடும் வடிவமைப்புகளும் உண்டு. அவை மெமரிக்குப் போகும் எண்ணிக்கையையே குறைப்பதால் உண்மையான லாபம் தரும். ஆனால் அது, யோசித்துப் பார்த்தால், திருட்டுத்தனமாக நுழைந்த ரைட்-பேக்தான்.

பி.எஸ்சி. மாணவர், தஞ்சாவூர்

கே: ரைட்-பேக்கும் கடைசியில் மெமரிக்கு எழுதத்தானே வேண்டும்? கடனைத் தள்ளிப்போட்டால் கடன் குறையுமா?

ப: இந்தக் கடன் குறையும். மேலே உள்ள எண்களையே எடுங்கள். நூறு அணுகலில் 30 எழுத்து. மிஸ் 5, அதில் 40 சதவீதம் டர்ட்டி, ஆக மெமரிக்குத் திரும்பி எழுதப்பட்ட பிளாக் 2. முப்பது எழுத்து இரண்டாகிவிட்டது. ஒவ்வொரு டர்ட்டி பிளாக்கும் வெளியேறுவதற்குள் சராசரியாகப் பதினைந்து எழுத்துகளை விழுங்கியிருக்கிறது.

லூப்பில் ஓடும் எண்ணியையோ கூட்டிக்கொண்டே போகும் ஒரு தொகையையோ நினைத்துப் பாருங்கள். 1, 2, 3 என்று ஆயிரம்வரை போனால் மெமரிக்குத் தேவைப்படுவது கடைசி ஆயிரம் மட்டும்தான். நடுவில் இருந்த 999 மதிப்புகளை யாரும் மெமரியில் தேடப்போவதில்லை. ரைட்-த்ரூ அத்தனையையும் கடமை தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆனால் அந்தப் பதினைந்து உங்கள் நிரலைப் பொறுத்தது, கேஷைப் பொறுத்தது மட்டுமல்ல. அது ஒன்றுக்கு அருகே இறங்கினால் ரைட்-பேக்கின் பெருமையெல்லாம் போய்விடும்.

அதே மாணவர்

கே: அப்படிப் பெருமை போகும் நிரல் ஒன்று சொல்லுங்கள்.

ப: கேஷைவிடப் பலமடங்கு பெரிய ஓர் அணியை முழுவதும் சுழியாக்குங்கள். பிளாக் 64 பைட் என்று கொள்வோம். ரைட்-பேக் என்ன செய்யும்? முதல் பைட்டை எழுதும்போது மிஸ். உடனே மெமரியிலிருந்து 64 பைட்டையும் பக்தியோடு வரவழைக்கும். நீங்கள் அத்தனையையும் சுழியால் அழிப்பீர்கள். கொண்டுவந்ததில் ஒரு பைட்டைக்கூட யாரும் படிக்கவில்லை. பிறகு அந்த பிளாக் வெளியேறும்போது 64 பைட் திரும்பப் போகும். ஆக ஒவ்வொரு 64 பைட்டுக்கும் 128 பைட் போக்குவரத்து. கொண்டுவராமல், எழுத்துகளை மட்டும் ஒன்று சேர்த்து அனுப்பியிருந்தால் 64-டன் முடிந்திருக்கும்.

இது செயலி செய்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் x86-ல் `MOVNTI` போன்ற கட்டளைகள் இருக்கின்றன: “இதை நான் மறுபடி தொடமாட்டேன், கேஷில் வைக்காதே, நேராக அனுப்பு” என்று நிரலே சொல்வதற்கு. பெரிய அணியை நிரப்பும்போதும் நகலெடுக்கும்போதும் நூலகங்கள் இவ்வகைக் கட்டளைகளைப் பயன்படுத்துவது உண்டு. சிறிய அணிக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். அடுத்த வரியிலேயே அதைப் படிக்கப்போகிறீர்கள் என்றால் கேஷில் இருக்க வேண்டிய சரக்கை நீங்களே வாசலுக்கு அனுப்பியதாகிவிடும்.

பழைய கம்ப்யூட்டர் பிரியர், மதுரை

கே: ரைட்-த்ரூ அவ்வளவு மோசமென்றால் 486-ல் ஏன் வைத்தார்கள்?

ப: 486-க்கு முன்பே வைத்தார்கள். 1968-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85-ன் கேஷும் ரைட்-த்ரூதான். காரணம் எளிமை. டர்ட்டி பிட் வேண்டாம், வெளியேற்றும்போது எழுத வேண்டாம், மெமரி எப்போதும் சரியாக இருக்கும்.

1989-ல் வந்த 486-ல் 8 கிலோபைட் கேஷ், ரைட்-த்ரூ, கூடவே நான்கு இடமுள்ள ரைட் பஃபர். தொடக்க மாடல் 25 மெகாஹெர்ட்ஸ். வெளியே இருந்த பஸ்ஸும் அதே 25. எழுத்துகள் வெளியே போவதற்கும் உள்ளே வேலை நடப்பதற்கும் இடையில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இல்லை. 1992-ல் டிஎக்ஸ்2 வந்தது: உள்ளே 50, வெளியே அதே 25. இப்போது மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். செயலி இரட்டிப்பு வேகத்தில் எழுத்துகளை உற்பத்தி செய்கிறது, கொண்டுபோகும் பாதை அப்படியே இருக்கிறது, பஃபரோ அதே நான்கு இடம். பிற்பாடு இன்டெல்லே 486 வரிசையில் ரைட்-பேக் வகைகளை விற்கத் தொடங்கியது. 1993-ல் வந்த பென்டியத்தின் டேட்டா கேஷ் ரைட்-பேக்.

கொள்கை தவறாக இருந்ததில்லை. உள்வேகத்துக்கும் வெளிவேகத்துக்கும் உள்ள தூரம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

அதே பிரியர்

கே: அப்படியானால் 1993-க்குப் பிறகு ரைட்-த்ரூவுக்கு ஈமக்கிரியை முடிந்துவிட்டதா?

ப: இல்லை. பென்டியம் 4-ன் முதல்நிலை டேட்டா கேஷ் ரைட்-த்ரூ. ஏ.எம்.டி. 2011-ல் கொண்டுவந்த புல்டோசரிலும் அப்படியே. ஆனால் கவனியுங்கள்: இவற்றில் எழுத்து மெமரிவரை போவதில்லை. அடுத்த வாசலில் இருக்கும் இரண்டாம்நிலை கேஷோடு நின்றுவிடுகிறது, அது ரைட்-பேக். நம் கணக்கில் 100 இருந்த இடத்தில் பத்தோ இருபதோ சுழற்சிகள் மட்டும் இருந்தால் ரைட்-த்ரூ சகிக்கக்கூடியதாகிவிடும்.

சகிப்பதற்கு ஆதாயமும் உண்டு. முதல்நிலை கேஷில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நகல் இருப்பதால், அங்கே ஒரு பிட் தற்செயலாகப் புரண்டால் அதைக் கண்டுபிடித்தால் போதும், திருத்தத் தேவையில்லை. கெட்டதை எறிந்துவிட்டுக் கீழிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சாதாரண பாரிட்டி பிட் போதும். ரைட்-பேக்கில் டர்ட்டி பிளாக் என்பது உலகத்திலேயே ஒரே பிரதி. அது கெட்டால் திருத்தும் குறியீடு இருந்தாக வேண்டும், அதற்கு இடமும் நேரமும் செலவு.

புல்டோசரில் எழுத்துகளை ஒன்று சேர்க்க 4 கிலோபைட்டில் தனியாக ஒரு சிறு கேஷ் வைத்தார்கள். அதைப் பார்க்கும்போது ரைட்-த்ரூ அங்கே தனியாக நிற்கத் தடுமாறியது தெரிகிறது. 2017-ல் வந்த ஜென் செயலியில் ஏ.எம்.டி. முதல்நிலை கேஷை மறுபடி ரைட்-பேக்காக மாற்றிவிட்டது.

சர்வர் பராமரிப்பவர், கோயம்புத்தூர்

கே: ரைட்-பேக்கில் மின்சாரம் போனால் டர்ட்டி பிளாக்குகளும் போய்விடுமே. பயமாக இல்லையா?

ப: செயலியின் கேஷைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. மின்சாரம் போனால் ரேமும்தான் அழியும். பாதுகாப்பாக எங்கே எழுதியிருக்க முடியும்? உங்கள் பயம் டிஸ்க்குக்கு நியாயமானது. டிஸ்க்கின் உள்ளே உள்ள கேஷோ ரெய்டு கன்ட்ரோலரின் கேஷோ ரைட்-பேக்கில் இருந்தால், “எழுதியாயிற்று” என்று சொல்லப்பட்ட தரவு இன்னும் தட்டுக்குப் போயிருக்காது. அதற்காகத்தான் கன்ட்ரோலரில் பேட்டரி வைக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். பேட்டரி கெட்டுவிட்டால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் நல்ல பிள்ளையாகத் தாமாகவே ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். எந்தப் பயன்பாடும் நிற்காது, எந்தப் பிழைச்செய்தியும் பயனருக்கு வராது. டேட்டாபேஸ் மட்டும் ஒரே இரவில் நத்தையாகிவிடும். 7200 சுற்று டிஸ்க் ஒருமுறை சுற்ற 8.3 மில்லி வினாடி ஆகிறது. ஒவ்வொரு கமிட்டும் அந்தச் சுழற்சிக்காகக் காத்திருக்கத் தொடங்கும். படிப்பது பழைய வேகத்திலேயே இருந்து, எழுதுவது மட்டும் படுத்துவிட்டதென்றால் கொயரியைத் திருத்தும் முன் பேட்டரியைப் பாருங்கள்.

லினக்ஸில் நேரடியாக இணைந்த டிஸ்க்குக்கு இது போதும்:

```
cat /sys/block/sda/queue/write_cache
```

`write back` அல்லது `write through` என்று வரும். நடுவில் ரெய்டு கன்ட்ரோலர் இருந்தால் இந்தப் பதிலை நம்பவேண்டாம். அதனுடன் வரும் கருவியிலேயே கேளுங்கள்.

எம்பெடெட் நிரலாளர், ஓசூர்

கே: கார்ட்டெக்ஸ்-எம்7 போர்டில் டி.எம்.ஏ. மூலம் பஃபரை அனுப்புகிறேன். மறுமுனையில் குப்பை போகிறது. `printf` ஒன்று சேர்த்தால் சரியாகிவிடுகிறது. பேய் ஏதும் உண்டா?

ப: உண்டு, பெயர் டர்ட்டி பிளாக். நீங்கள் பஃபரில் எழுதியது கேஷில் இருக்கிறது. டி.எம்.ஏ.வுக்குக் கேஷ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நேராக மெமரியைப் படிக்கிறது, பழைய சரக்கை அனுப்புகிறது. `printf` ஓடும்போது அதன் சொந்தத் தரவு கேஷில் புகுந்து, உங்கள் பிளாக்குகளைத் தள்ளிவிடுகிறது; தள்ளும்போது அவை மெமரிக்கு எழுதப்பட்டுவிடுகின்றன. பேயை ஓட்டியது தற்செயல்.

உறுதிசெய்ய ஒரு வழி: குப்பை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். எல்லைகள் 32-ன் மடங்கில் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், எம்7-ன் கேஷ் பிளாக் 32 பைட்.

மருந்து, அனுப்புவதற்கு முன் `SCB_CleanDCache_by_Addr`. பெறும்போது, வந்ததைப் படிக்கும் முன் `SCB_InvalidateDCache_by_Addr`. இரண்டாவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பஃபர் 32-ன் எல்லையில் தொடங்கி 32-ன் மடங்கில் முடியாவிட்டால், அதே பிளாக்கில் குடியிருக்கும் பக்கத்து மாறியின் புதிய மதிப்பையும் சேர்த்து அழித்துவிடும். பிறகு அந்த மாறிக்காக ஒரு வாரம் அலைவீர்கள்.

அந்த மெமரிப் பகுதியை மட்டும் ரைட்-த்ரூ என்று அமைத்துவிட்டால் அனுப்பும் பக்கத் தொல்லை பெரும்பாலும் தீரும். பெறும் பக்கத்துக்கு அது உதவாது. அங்கே பழையதாகக் கிடப்பது கேஷ், மெமரி அல்ல.

முதுகலை மாணவி, சேலம்

கே: இரண்டு நிலை கேஷ் வந்தாலே எனக்கு விடை தப்புகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

ப: பார்க்காமலேயே சொல்கிறேன்: இரண்டாம் நிலையின் மிஸ் விகிதம் எதன்மேல் எடுக்கப்பட்டது என்று கவனிக்காமல் விடுகிறீர்கள். முதல்நிலை 4 சுழற்சி, மிஸ் 5 சதவீதம். இரண்டாம்நிலை 14 சுழற்சி. மெமரி 200. முதல்நிலையில் தவறி இரண்டாம்நிலைக்கு வந்தவற்றில் 40 சதவீதம் அங்கும் தவறுகின்றன என்றால்:

```
4 + 0.05 × (14 + 0.40 × 200) = 8.7
```

அதே விஷயத்தை மொத்த அணுகல்களின் மேல் சொன்னால் 2 சதவீதம், அதாவது 0.05 × 0.40. கேள்வித்தாள் 2 சதவீதம் என்று கொடுத்திருக்க, நீங்கள் அதை அடைப்புக்குறிக்குள் 0.40 இருந்த இடத்தில் வைத்தால் 4.9 வரும். மெமரிக்குப் போகும் அணுகல்களை ஐம்பதில் ஒரு பங்காக அல்ல, ஆயிரத்தில் ஒன்றாக ஆக்கிவிட்டீர்கள் என்று பொருள். 40 சதவீதம் மிஸ் என்றதும் மோசமான கேஷ் என்று நினைக்கவும் வேண்டாம். சுலபமானதையெல்லாம் முதல்நிலை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருக்கும் முரட்டுப் பயல்கள்தான் அங்கே வருகிறார்கள்.

மறுபடியும் திருச்சிக்காரர்

கே: கேள்வியில் கொள்கையே குறிப்பிடாமல் ஹிட் விகிதமும் எழுத்துகளின் பங்கும் மட்டும் கொடுத்தால் எதை வைத்துக்கொள்வது?

ப: கொடுத்த எண்களைப் பார்த்தால் கொள்கை தெரிந்துவிடும். டர்ட்டி பிளாக் எத்தனை சதவீதம் என்று எங்காவது இருந்தால் ரைட்-பேக். எழுத்துகளின் பங்கு கொடுக்கப்பட்டு, டர்ட்டி பற்றிப் பேச்சே இல்லையென்றால் பெரும்பாலும் ரைட்-த்ரூ. ரைட்-பேக் கணக்குக்கு அந்தப் பங்கு தேவையே இல்லை, மேலே 9 வந்த வரியில் 0.3 எங்கும் இல்லாததைக் கவனியுங்கள். பஃபர் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் பஃபர் இல்லை. “பஃபர் ஒருபோதும் நிரம்பாது” என்று சொல்லியிருந்தால் அந்த 5.5-ஐத் தாராளமாக எழுதிவிட்டு வாருங்கள். பரீட்சைத்தாளில் அப்படி ஒரு பஃபர் உண்டு, கடையில் கிடைக்காது.